தீவு வரைபடத்தில் ஆற்றோடும் மலையோடும் போகும் எல்லைகள்: வொரனோய் செல்களை வைத்துச் செய்வது எப்படி?

கேள்வி: ரியூனியன் மாதிரி ஒரு எரிமலைத் தீவை வைத்து வியூக விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். 24 தலைநகரப் புள்ளிகளைப் போட்டு d3-delaunay வைத்து வொரனோய் பிரித்தேன். எல்லைகள் எல்லாம் நேர்கோடாக ஆற்றையும் மலையையும் வெட்டிக்கொண்டு போகின்றன. காடு, புல்வெளி எல்லாம் காற்றடிக்கும் திசையில் கோடு கோடாக விழுகின்றன. மொரீஷியஸில் இருந்துகொண்டு பக்கத்துத் தீவையே ஒழுங்காக வரைய முடியவில்லை! எங்கே தப்பு?

பதில்:

தப்பு வொரனோயில் இல்லை, அதற்கு நீங்கள் கொடுத்த வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு இடமும் எந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது என்பது மட்டும்தான் வொரனோய்க்குத் தெரியும். நடுவில் ஆறு ஓடுவதோ மலை நிற்பதோ அதன் கணக்கில் வராது. அதனால் 24 புள்ளிகளுக்கு நேரடியாகப் பிரித்தால், இரண்டு தலைநகரங்களுக்கு நட்டநடுவே போகும் நேர்கோடுதான் எல்லையாகக் கிடைக்கும். வொரனோயைப் பிரதேசம் பிரிக்கப் பயன்படுத்தாதீர்கள். தரையைச் சின்னச் சின்னச் செல்களாக நறுக்க மட்டும் பயன்படுத்துங்கள். எந்தச் செல் யாருக்கு என்பதை, செல்லிலிருந்து செல்லுக்கு நடந்துபோகும் செலவு தீர்மானிக்கட்டும்.

முதலில் நறுக்குவதைப் பார்ப்போம். 1200 × 900 பிக்சல் பரப்பில், எந்த இரண்டு புள்ளிக்கும் இடையில் குறைந்தது 14 பிக்சல் இருக்கும்படி பாய்சான் வட்டு முறையில் புள்ளிகளைத் தூவினால் சுமார் 3800 புள்ளிகள் விழும். அதில் பாதி நிலமாக அமைந்தால் 1900 நிலச் செல்கள், அதாவது ஒரு பிரதேசத்துக்கு 80 செல்களுக்குக் கொஞ்சம் குறைவு. ரியூனியனின் பரப்பு சுமார் 2,512 சதுர கிலோமீட்டர். அந்த அளவில் ஒரு செல் 1.3 சதுர கிலோமீட்டரும், அடுத்தடுத்த செல் மையங்களுக்கு இடையே 1.2 கிலோமீட்டரும் வரும். இது போதும். பிரதேசத்துக்கு 30 செல்லுக்குக் கீழே போனால் எல்லை வளைந்து போக இடம் இருக்காது.

பாய்சான் முறை வேண்டாம், சும்மா ரேண்டம் புள்ளிகளைப் போட்டு லாயிட் தளர்வு கொடுத்துக்கொள்கிறேன் என்றால் ஒன்று அல்லது இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். பத்துச் சுற்று விட்டால் எல்லாம் தேன்கூடு மாதிரி அறுகோணமாகிவிடும். அப்புறம் எவ்வளவு ஒப்பனை செய்தாலும் அந்தத் தேன்கூடு தெரியும். வரைபடத்துக்கு வெளியே சுற்றிலும் ஒரு வரிசைப் போலிப் புள்ளிகளையும் வையுங்கள். இல்லாவிட்டால் ஓரச் செல்கள் எல்லையற்று நீண்டு, சட்டத்தில் வெட்டுப்பட்டு, கடல் ஓரத்தில் அசிங்கமாக நிற்கும். அண்டைச் செல்களைக் கேட்கும்போது delaunay.neighbors என்று கேட்காமல் voronoi.neighbors என்று கேளுங்கள். முதலாவது, சட்டத்துக்கு வெளியே மட்டும் தொட்டுக்கொள்ளும் செல்களையும் அண்டை என்று சொல்லிவிடும்.

அடுத்தது ஆறு. பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். ஆற்றைச் செல் மையத்திலிருந்து அடுத்த செல் மையத்துக்கு ஓடவிட்டால் அது செல்லின் வயிற்றுக்குள்ளே ஓடும். பிரதேச எல்லையோ எப்போதும் செல்களின் விளிம்பில்தான் விழும். அப்படியிருக்க இரண்டும் ஒருநாளும் ஒன்றுசேர முடியாது. ஆறு ஓட வேண்டியது செல்களின் மூலைகள் வழியாக, விளிம்புகளின் மேல். ஒவ்வொரு மூலைக்கும் உயரம் கொடுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் அதோடு இணைந்த மூலைகளில் மிகத் தாழ்ந்ததை நோக்கி நீர் இறங்கட்டும். இறங்கும் நீரைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நீரளவு கிடைக்கும். நடுவில் குழி இருந்தால் நீர் அங்கேயே தேங்கி ஆறு பாதியில் அறுந்துபோகும். ஆகவே கடலிலிருந்து தொடங்கி, உயரம் குறைந்த மூலையை முதலில் எடுக்கும் வரிசையில் உள்ளே போய், குழிகளை, வந்த மூலையைவிட ஒரு துளி உயரமாக நிரப்பிவிட்டு அதன் பிறகு நீரை ஓடவிடுங்கள்.

இப்போது பிரதேசம். எல்லாத் தலைநகரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் டைக்ஸ்ட்ரா ஓட வேண்டும். சமதரையில் ஒரு செல்லிலிருந்து அடுத்ததுக்குப் போக 1. நடுவில் ஆறு இருந்தால் கூடுதல் செலவு. எந்தத் தலைநகரம் குறைந்த செலவில் முதலில் வந்து சேர்கிறதோ அதற்கே செல்.

```js
const cost = new Float64Array(n).fill(Infinity);
const owner = new Int32Array(n).fill(-1);
capitals.forEach((c, k) => { cost[c] = 0; owner[c] = k; heap.push(c, 0); });
while (heap.size > 0) {
  const [a, d] = heap.pop();
  if (d > cost[a]) continue;
  for (const b of voronoi.neighbors(a)) {
    if (sea[b]) continue;
    const e = edgeId(a, b);
    const nd = d + 1 + 6 * river[e] + 8 * ridge[e];
    if (nd < cost[b]) { cost[b] = nd; owner[b] = owner[a]; heap.push(b, nd); }
  }
}
```

இதில் river[e] என்பது 0 முதல் 1 வரை. சிற்றோடைக்கு 0, பெரிய ஆற்றுப் பள்ளத்துக்கு 1. இந்த முறையில் துண்டுபட்ட பிரதேசம் வராது என்பது பெரிய வசதி. ஒரு செல்லின் சொந்தக்காரர் அதற்கு முந்திய செல்லிலிருந்தே வருவதால் எல்லாமே தலைநகரத்தோடு ஒட்டி இருக்கும். தூரத்தை நாய்ஸ் போட்டுக் குழப்பி, அதில் எது குறைவு என்று பார்க்கும் முறையில் அந்த உத்தரவாதம் இல்லை. எதிராளியின் நடுவே உங்கள் செல் ஒன்று தனியாக முளைத்து நிற்கும்.

அந்த 6 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். ரியூனியனின் கரை நீளம் ஏறக்குறைய 210 கிலோமீட்டர். 24 தலைநகரங்களில் 19-ஐக் கரையோரம் வைத்தால் ஒன்றுக்கொன்று 11 கிலோமீட்டர், அதாவது 9 செல் நடை. கரையோரச் செல்களுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுங்கள். அ தலைநகரம் 0-இல், ஆ தலைநகரம் 9-இல். நடுப்புள்ளி 4-க்கும் 5-க்கும் இடையில். ஆனால் ஆறு 2-க்கும் 3-க்கும் இடையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆற்றுக்குக் கூடுதல் செலவு 2 என்றால் என்ன நடக்கும்? அ, 3-ஆம் செல்லுக்கு 3 + 2 = 5-இல் வந்துவிடும். ஆ அங்கே வர 6 ஆகும். ஆகவே 3-ஆம் செல் அ-வுக்குப் போகும். 4-ஆம் செல்லுக்கு அ-வின் செலவு 6, ஆ-வின் செலவு 5, அது ஆ-வுக்கு. முடிவில் எல்லை ஆற்றைத் தாண்டி ஒரே ஒரு செல் தள்ளி நிற்கிறது. இதைவிட அசிங்கமான எல்லை கிடையாது. ஆற்றைச் சுத்தமாக மறந்திருந்தால்கூடப் பார்ப்பவர் சகித்துக்கொள்வார். ஆற்றோரமாக ஒரு மெல்லிய நாடா மட்டும் அக்கரையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பார்த்ததுமே பிழை என்று தோன்றும்.

ஆற்றின் செலவை 4 ஆக்கினால் 3-ஆம் செல்லுக்கு அ வரும் செலவு 7. ஆ 6-இலேயே வந்துவிடுவதால் எல்லை ஆற்றின் மேலேயே உட்காரும். பொதுவாகச் சொன்னால், ஆறு நடுப்புள்ளியிலிருந்து k செல் விலகியிருந்தால் அதன் செலவு 2k − 1-ஐ விடக் கூடுதலாக இருக்க வேண்டும். 6 வைத்தால் மூன்று செல் விலகிய ஆறுவரை பிடித்துக்கொள்ளும். 9 செல் இடைவெளியில் அதற்கு மேல் விலகினால் ஆறு தலைநகரத்தின் வாசலிலேயே ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது எல்லை அதைத் தாண்டிப் போவதுதான் நியாயம். உங்கள் தலைநகர இடைவெளி வேறாக இருந்தால் இதே கணக்கை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். பேராசைப்பட்டு 50 வைக்காதீர்கள். வைத்தால் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் மாட்டிய தலைநகரம் பத்துப் பன்னிரண்டு செல்லோடு நின்றுவிடும், பக்கத்துக்காரர் மலையைச் சுற்றி வந்து மிச்சத்தை அள்ளிக்கொள்வார்.

ரியூனியனின் நிஜ நகராட்சி எல்லைகளைப் பார்த்தால் இது எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும். சேன் ஆந்த்ரேக்கும் பிரா பானோனுக்கும் நடுவில் ரிவியேர் து மா ஆறு. சேன் பெனுவாவுக்கும் சேன் ரோஸுக்கும் நடுவில் ரிவியேர் தெ லெஸ்ட். மேற்கே சேன் போலைப் பிரிப்பது ரிவியேர் தே காலே. பழைய காலத்தில் அங்கே நிலம் கொடுத்ததே அலை அடிக்கும் கரையிலிருந்து மலையுச்சி வரை, இரண்டு ஓடைப் பள்ளங்களுக்கு நடுவே ஒரு நீண்ட பட்டையாகத்தான். விளையாட்டுக்கு இது அருமையான அமைப்பு. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கடல், கொஞ்சம் கரும்பு நிலம், மேலே காடு என்று எல்லாம் கிடைத்துவிடும். தனியாகச் சமன்செய்யும் வேலை பாதி குறையும்.

அதே தீவில் நேர் எதிரான எல்லையும் இருக்கிறது. சிலாவோஸும் சலாசியும் ஆற்றை எல்லையாகக் கொண்டவை அல்ல. செங்குத்தான மலைச்சுவர் சூழ்ந்த பெரிய கிண்ணத்துக்குள் இருப்பவை. ஆறு அவற்றின் நடுவில் ஓடுகிறது. இதற்காகத்தான் நிரலில் ridge[e]. ஒவ்வொரு மூலையின் நீரும் கடைசியில் எந்த ஆற்று முகத்துவாரத்துக்குப் போகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு செல்லின் மிகத் தாழ்ந்த மூலை எந்த ஆற்றைச் சேர்ந்ததோ, அந்தச் செல்லும் அந்த ஆற்றைச் சேர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு செல்கள் வேறு வேறு ஆற்றைச் சேர்ந்திருந்தால் நடுவிலுள்ள விளிம்பு நீர்பிரி மேடு. அதன் ridge மதிப்பை, மூன்று செல் தூரத்துக்குள் உள்ள மிகத் தாழ்ந்த மூலையைவிட அந்த விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து எடுங்கள். தீவின் உச்சியை 1 என்று வைத்தால் கிண்ணத்தின் சுவர் 0.3-க்கு மேல் வரும். இரண்டு ஓடைகளுக்கு நடுவிலுள்ள சரிவு மேடு 0.05 கூட வராது. எல்லா நீர்பிரி மேட்டுக்கும் ஒரே செலவு வைத்தால், பட்டை நிலத்தின் முதுகெலும்பிலேயே எல்லை விழுந்து ஆறு நடுவில் போய்விடும். சுவரைத் தாண்டும் செலவு 8 × 0.3 = 2.4 என்பது பார்க்கக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் சுவர் கிண்ணத்தைச் சுற்றிலும் வருகிறது, உள்ளே உங்கள் ஐந்து உள்நாட்டுத் தலைநகரங்களில் ஒன்று வேறு இருக்கிறது, போதும். போதவில்லை என்றால் 12 வரை ஏற்றிப் பாருங்கள்.

சரிவையே நேரடியாகச் செலவாக வைத்தால் என்ன என்று தோன்றும். இருபக்கமும் ஒரே மாதிரி சரிவுச் செலவு வைத்தால் எல்லை உச்சியில் நிற்காமல் மலைச்சரிவின் நடுவே எங்கோ நிற்கும். ஏற்றத்துக்கு மட்டும் செலவு வைத்தால் இன்னும் மோசம்: மேட்டை முதலில் ஏறி முடித்தவர் மறுபக்கம் சரசரவென்று இறங்கி அடுத்தவரின் பள்ளத்தாக்கு முழுவதையும் எடுத்துக்கொள்வார்.

ஓடவிட்ட பிறகும் எல்லை ஆற்றில் நிற்காமல் கசிந்தால், cost மதிப்பை நிறமாகப் போட்டுப் பாருங்கள். ஆற்றங்கரையில் நிறம் சட்டென்று மாற வேண்டும். ஓரிடத்திலிருந்து விசிறி மாதிரி நிறம் அக்கரைக்கு விரிந்தால் அங்கே ஆற்று விளிம்பு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் ஒரு பிக்சல்கூட நீளமில்லாத குட்டி விளிம்பாக இருக்கும், அல்லது edgeId(a, b)-யும் edgeId(b, a)-யும் வேறு எண் கொடுக்கும். சின்ன எண்ணை முதலில் வைத்துச் சாவி செய்தால் இரண்டாவது பிரச்சினை வராது. ஆற்றின் தலைப்பக்கம் கசிவது வேறு விஷயம். மூன்று செல் நீளம்கூட இல்லாத ஆற்றைச் சுற்றிக்கொண்டு போவது கடப்பதைவிட மலிவு. அது எல்லையாக நிற்காது, நிற்கவும் தேவையில்லை. கரைக்கு அப்பால் உள்ள குட்டித் தீவுகளின் செல்களில் owner −1 ஆகவே இருக்கும். அவற்றை மட்டும் அருகிலுள்ள கரைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி பயோம், அதாவது காடு, புல்வெளி என்று பிரிப்பது. கோடு கோடாக விழுவதற்குக் காரணம், நீங்கள் ஒவ்வொரு செல்லுக்கும் காற்று வரும் திசையிலுள்ள ஒரே ஒரு அண்டையிடமிருந்து ஈரத்தை எடுக்கிறீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அப்படிச் செய்தால் ஓர் உயரமான செல்லுக்குப் பின்னால் ஒரு செல் அகலத்தில் வறண்ட வால் நீளும். ஈரத்தை, காற்று வரும் பக்கத்திலுள்ள எல்லா அண்டைகளிடமிருந்தும் எடை போட்டுச் சராசரியாக எடுங்கள். எடை என்பது காற்றுத் திசைக்கும் அண்டையிலிருந்து இந்தச் செல்லுக்கு வரும் திசைக்கும் உள்ள கோணத்தின் கொசைன்; எதிர்மறையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு காற்றை −15°, 0°, +15° என்று மூன்று முறை திருப்பி ஓட்டி மூன்று மழையையும் சராசரி செய்யுங்கள். கோடுகள் கரைந்துவிடும்.

நம் பக்கத்தில் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. திரையில் y கீழ்நோக்கி வளர்வதால் காற்றின் திசை (−0.71, −0.71). இதில் குறி மாறினால் மழை தவறான பக்கம் பெய்யும். கியூர்ப்பீப்பில் தூறலும் போர்ட் லூயிஸில் வெயிலுமாகப் பழகியவருக்குப் படத்தைப் பார்த்ததுமே உறுத்தும், மற்றவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். செல்களை x × wx + y × wy என்ற மதிப்பின் ஏறுவரிசையில் எடுத்துக்கொண்டு போனால், ஒவ்வொரு செல்லுக்கும் முன்னே காற்றுப்பக்கச் செல்கள் கணக்கிடப்பட்டிருக்கும்.

கடல் செல்லில் ஈரம் 1. நிலத்தில் மழை = ஈரம் × (0.02 + 1.5 × ஏற்றம்). பெய்த மழையை ஈரத்திலிருந்து கழித்துவிடுங்கள். உதாரணமாக, கிழக்குக் கரையிலிருந்து 15 செல்லில் உயரம் 0-இலிருந்து 0.65-க்குப் போகிறது என்றால் ஒரு செல்லுக்கு ஏற்றம் 0.043. ஒவ்வொரு செல்லிலும் ஈரத்தில் 8.5 விழுக்காடு மழையாகும். 15 செல் ஏறி முடிப்பதற்குள் மிஞ்சுவது 0.26 தான். மறுபக்கம் இறக்கத்தில் ஏற்றம் இல்லை, ஆகவே மழை 0.26 × 0.02, அதாவது 0.005. காற்று முதலில் மோதும் பக்கத்தின் 0.085-ஓடு ஒப்பிட்டால் பதினாறில் ஒரு பங்கு. நிஜ ரியூனியனில் கிழக்குச் சரிவின் மேட்டுப்பகுதியில் ஆண்டுக்கு 10 மீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது; மேற்குக் கரையோரத்தில் 1 மீட்டர்கூட வராத இடங்கள் உண்டு. கணக்கு நிஜத்துக்கு அதிகம் விலகவில்லை.

இதில் பலர் விடும் ஒன்று உண்டு. வியாபாரக் காற்றின் ஈரம் மலையுச்சி வரை ஏறுவதில்லை. ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேல் சூடான, வறண்ட ஓர் அடுக்கு மூடிபோல இருந்து மேகத்தைத் தடுத்துவிடும். ரியூனியனின் உச்சியான பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர் என்பதால் உங்கள் அளவில் அந்த 2000 மீட்டர் 0.65. அதற்கு மேலுள்ள செல்களில் ஏற்றத்தால் வரும் மழையை ஐந்தில் ஒரு பங்காக்குங்கள். நடுச்சரிவில் அடர்காடும் அதற்கு மேலே வறண்ட குற்றுச்செடிப் புதரும் தானாக வந்துவிடும். இதை விட்டால் உச்சியில் மழைக்காடு நிற்கும். மொரீஷியஸ் மாதிரி 828 மீட்டரில் முடியும் தீவுக்கு இந்தப் பகுதியே வேண்டாம்.

பயோம் எல்லைக்கு மழையின் நேரடி மதிப்பை வைக்காதீர்கள். நிலச் செல்களை மழை வாரியாக வரிசைப்படுத்தி, வரிசையில் அதன் இடத்தை 0 முதல் 1 வரை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் ரேண்டம் விதையை மாற்றும்போது ஒரு தீவு முழுப் பாலைவனமாகவும் அடுத்தது முழுக் காடாகவும் ஆகாது. உயரம் 0.15-க்குக் கீழும் மழை வரிசை 0.3-க்குக் கீழும் இருந்தால் வறள் புல்வெளி, உயரம் 0.25-க்குக் கீழே மற்றதெல்லாம் கரும்புக்கேற்ற நிலம். அதற்கு மேல் 0.65 வரை, மழை வரிசை 0.4-க்கு மேலென்றால் மழைக்காடு, கீழென்றால் உலர்காடு, 0.65-க்கு மேல் புதர். கடைசியாக, நான்கு செல்லுக்குக் குறைந்த பயோம் துண்டுகளைச் சுற்றியுள்ளதோடு சேர்த்துவிடுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது போய்விடும்.

வரையும்போது ஒவ்வொரு விளிம்பையும் நெளிய விடலாம். இரண்டு செல் மையங்களும் இரண்டு மூலைகளும் சேர்ந்து ஒரு நாற்கரம் ஆகும். நெளியும் கோடு அந்த நாற்கரத்துக்குள்ளேயே இருக்கும்படி நடுப்புள்ளியை நகர்த்தி, மறுபடி மறுபடி பாதியாகப் பிரியுங்கள். அப்படிச் செய்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. நெளிவுக்கான ரேண்டம் விதை விளிம்பின் எண்ணாக இருக்கட்டும். செல்லின் எண்ணை வைத்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு கோடு வரைந்து நடுவில் பிளவு தெரியும். ஆறும் எல்லையும் ஒரே விளிம்பில் இருந்தால் இரண்டுக்கும் அதே கோட்டையே எடுங்கள்.

இன்னொன்று விளையாட்டு ஓடும்போதுதான் கடிக்கும். இரண்டு பிரதேசங்கள் ஒரே ஒரு குட்டி விளிம்பில் தொட்டுக்கொண்டால் நிரலுக்கு அவை அண்டை. ஆடுபவர் கண்ணுக்கு அவை மூலையில் முட்டி நிற்பவை. எதிரிப் படை எங்கிருந்து வந்தது என்றே அவருக்குப் புரியாது. இரண்டு பிரதேசங்களுக்கு இடையிலுள்ள விளிம்புகளின் நீளத்தையெல்லாம் கூட்டி, அது ஒரு செல்லின் அகலத்துக்குக் குறைந்தால், இந்த அளவில் 14 பிக்சல், அண்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பல பேர் இணையத்தில் ஆடுவதாக இருந்தால், செலவு சமமாக வரும் செல்களுக்குச் சின்னத் தலைநகர எண் ஜெயிக்கும் என்று ஒரு விதியும் எழுதிவையுங்கள். மேலே உள்ள நிரலில் heap யாரை முதலில் எடுக்கிறதோ அவருக்குச் செல் போகும். இரண்டு கணினியில் heap வேறு வேறாக எழுதப்பட்டிருந்தால் இரண்டு வரைபடம் வரும்.